இயலுக்கும் இயலுக்கும் நடுவே

சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் 14 இயல்கள். இயற்கைத் தேர்வை விளக்கும் 4ஆம் இயல் நீளமானது. அதன் கடைசியில், அதுவரை சொன்னதைத் திரட்டி ஒரு சுருக்கம் தருகிறார். 5ஆம் இயலைத் தொடங்கும்போது, உயிரினங்களிடையே காணும் வேறுபாடுகள் தற்செயலானவை போல இதுவரை பேசிவந்தது பிழை என்று சொல்லி, அவற்றின் காரணங்களைத் தேடப் புகுகிறார். முந்தைய இயலில் மிஞ்சிய கேள்வியே அடுத்த இயலைத் தொடங்கிவைக்கிறது.

முனைவர் பட்ட ஆய்வேடுகள் பலவற்றில் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. ஓர் இயல் கருத்தரங்கக் கட்டுரையாகப் பிறந்திருக்கும். இன்னொன்று இரண்டு ஆண்டு கழித்து எழுதப்பட்டிருக்கும். ஆய்வாளரின் மனத்தில் இருக்கும் தொடர்பு தாளில் இருப்பதில்லை. புறத்தேர்வாளரோ தாளை மட்டுமே பார்க்கிறார்.

கண்மாய்ப் பாசனம் பற்றிய ஓர் ஆய்வேட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் 3ஆம் இயல் கள ஆய்வு. “இவ்வியலில் மடைகளின் நிலை, நீர்ப்பங்கீடு, கடைமடை வயல்கள் ஆகியவை ஆராயப்பட்டன” என்று தொகுப்புரை முடிந்தால், அது பொருளடக்கத்தை மறுபடி எழுதியதாகவே ஆகும். என்ன தெரிந்தது என்பது அதில் இல்லை.

அதையே இப்படி எழுதலாம்: “மடை பழுதான கண்மாய்களில் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. பழுது ஊராருக்குத் தெரிந்தே இருக்கிறது, ஆனாலும் சரிசெய்யப்படவில்லை. ஏன் என்பதற்குக் களத்தரவு மட்டும் விடை தராது.”

இப்போது 4ஆம் இயலின் முன்னுரைக்கு வேலை எளிது. தெரிந்த பழுது ஏன் நீடிக்கிறது என்ற கேள்வியை அது கையில் எடுக்கிறது. விடைக்காகப் பாசனச் சங்கப் பதிவேடுகளையும் விவசாயிகளின் நேர்காணல்களையும் பார்க்கப்போவதாகச் சொல்கிறது. இயலின் பகுதிகள் எந்த வரிசையில் வரும் என்று ஒரு வாக்கியத்தில் காட்டுகிறது. முப்பது பக்க இயலுக்கு அரைப் பக்க முன்னுரையும் ஒரு பக்கத் தொகுப்புரையும் போதும். தொகுப்புரையில் புதிய சான்றுக்கும் புதிய மேற்கோளுக்கும் இடமில்லை.

எழுதும் வரிசையும் முக்கியம். இயலை முடித்ததும் தொகுப்புரை. அடுத்த இயலும் முடிந்த பிறகு அதன் முன்னுரை. முன்கூட்டியே எழுதிய முன்னுரை, இயலில் இல்லாத ஒன்றை வாக்களித்துவிடக்கூடும்.

இணைப்பு சரியாக அமைந்ததா என்று பார்க்க, முன்னுரைகளையும் தொகுப்புரைகளையும் மட்டும் வரிசையாகப் படிக்க வேண்டும். வாதம் முழுவதும் புரிந்தால் நல்லது. இரண்டு இயல்களை இடம் மாற்றியும் முன்னுரைகளில் ஒரு சொல்கூடத் திருத்த வேண்டியிராவிட்டால், அங்கே இணைப்பே இல்லை. எவ்வளவு முயன்றும் இணைக்கும் வாக்கியம் அமையவில்லையென்றால், பெரும்பாலும் கோளாறு இயல் வரிசையில் இருக்கும். அல்லது அந்த இயல் ஆய்வேட்டுக்கே தேவைப்படாததாக இருக்கும். அதை நெறியாளரிடம் கொண்டுபோய்ப் பேசுவதே வழி. வாக்கியத்தை மெருகேற்றி மறைக்க முடியாது.