கோபுரத்துக்கு முதுகு காட்டி நில்லுங்கள்

உள்ளூர் கேபிளில் ஓடும் கடை விளம்பரங்களில் ‘கமலாலயம் அருகில், திருவாரூர்’ என்று ஒரு வரி வரும். ஊர்க்காரருக்கு அது போதும். குடவாசலிலிருந்து முதல்முறை வருகிறவருக்கு அது வழியே ஆகாது. கமலாலயம் பெரிய குளம். நான்கு கரையையும் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். அவர் எந்தக் கரையில் தேடுவார்?

அடையாளம் பெரிதாக இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் கடை வாசல்வரை கொண்டுவிட அதனால் முடியாது. அதனால் பெரிய அடையாளத்தில் தொடங்கி, சின்ன அடையாளத்தில் முடிக்க வேண்டும்.

கீழவீதியில், ராஜகோபுரத்துக்குத் தெற்கே ஒரு ஜவுளிக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோபுரம் கிழக்கு பார்த்தது. விளம்பரம் இப்படிச் சொல்லலாம்: ‘கீழவீதி ராஜகோபுர வாசலில், கோபுரத்துக்கு முதுகு காட்டி நில்லுங்கள். சோத்துக்கைப் பக்கம் திரும்பி நடங்கள். வேப்பமரம் தாண்டி மூன்றாவது கடை, பச்சைப் பலகை. தெற்கு வீதி முனை வந்துவிட்டால் கடையைத் தாண்டிவிட்டீர்கள்.’

இதில் உயிரான சொல் ‘முதுகு காட்டி’. நம் பக்கத்தில் தெற்கே, மேற்கே என்றுதான் வழி சொல்வோம். வெளியூர்க்காரருக்கு வந்த இடத்தில் திசை பிடிபடாது. வலம், இடம் என்றாலோ நிற்கிற பக்கத்தைப் பொறுத்து மாறிவிடும். கோபுரத்தைப் பார்த்து நின்றவர் வலப்பக்கம் திரும்பினால் வடக்கே போய்விடுவார். கடைசி வரியும் அதே அளவு வேலை செய்கிறது. தவறி நடந்தவர் எங்கே நின்று திரும்ப வேண்டும் என்று அது சொல்கிறது.

அடையாளம் என்றைக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தேரடி எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். ஆனால் படங்களில் பார்த்த 96 அடி ஆழித்தேரை மனத்தில் வைத்து வருகிறவர், மூங்கிலும் சீலையும் இல்லாமல் நிற்கும் மரத்தேரைப் பார்த்துத் திகைப்பார். அந்த உயரம் தேரோட்டத்துக்காகக் கட்டி எழுப்புவது. அதனால் தேரைச் சொல்வதானால், ஆண்டின் பெரும்பாலான நாளில் அது நிற்கும் கோலத்தையே படத்தில் காட்ட வேண்டும். கட்சிக் கொடிக்கம்பம், தட்டி, தள்ளுவண்டி எதையும் நான் சேர்க்கவே மாட்டேன். அடுத்த மாதம் அவை இருக்குமா என்று யாரும் சொல்ல முடியாது.

வீடியோவில் இன்னொரு பிழை அடிக்கடி கண்ணில் படும். கடை வாசலில் நின்று தெருவைப் படம் எடுத்துவிடுகிறார்கள். வருகிறவர் கண்ணுக்கு எல்லாமே பக்கம் மாறித் தெரியும். நடந்து வருகிற ஆளுக்குப் பின்னால் போய், அவர் கண் உயரத்தில் எடுக்க வேண்டும்: கோபுர வாசல், மரம், பலகை. மூன்று காட்சி போதும். எழுத்து, ஒருவர் வாய்விட்டு இரண்டு முறை படிக்கும் நேரமாவது திரையில் நிற்கட்டும்.

ஒளிபரப்பும் முன், ஊர் தெரியாத ஒருவரிடம் அந்த வரிகளை மட்டும் கொடுத்துக் கோபுர வாசலில் விட்டுவிட்டு, பேசாமல் பின்னால் நடந்து பாருங்கள். அவர் எந்த இடத்தில் நின்று யாரிடமாவது வழி கேட்கிறாரோ, அந்த இடத்துக்கான சொல் விளம்பரத்தில் இல்லை.