வராத டாலருக்கும் ஒரு கணக்கு

திருப்பூரில் மார்ச் முடிந்து ஆடிட்டர்கள் கணக்குகளைப் புரட்டும் நாட்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். பின்னலாடை ஏற்றுமதி செய்யும் முதலாளி தன் லாப நட்டக் கணக்கில் ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "கைக்கு இன்னும் காசே வரலீங்க. வராத காசுக்கு எதுக்குங்க வரி கட்டணும்?"

நியாயமான கேள்வி. பில் போட்டது ஜனவரியில். பணம் வரப்போவது ஜூனில். நடுவில் டாலரின் விலை மாறிவிட்டது. அந்த ஏற்ற இறக்கத்தை எந்த ஆண்டில், எந்தத் தலைப்பில் எழுதுவது, அதற்கு வரி எப்போது என்பதில்தான் பல சிறு நிறுவனங்கள் தடுமாறுகின்றன. ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும்.

ஒரு பங்குதாரர் நிறுவனம் ஜனவரி 20 அன்று ஒரு லட்சம் டாலருக்குச் சரக்கு அனுப்புகிறது. தூத்துக்குடியில் கப்பலில் ஏறியதும் அதே நாளில்தான் என்று வைத்துக்கொள்வோம். அன்று டாலர் 83 ரூபாய். மார்ச் 31 அன்று 84 ரூபாய் 20 காசு. ஜூன் 12 அன்று பணம் வரும்போது வங்கி கொடுத்த விலை 83 ரூபாய் 50 காசு. இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட விலைகள்.

ஜனவரி 20 அன்று விற்பனை 83,00,000 ரூபாய் என்று பதிவாகிறது. இந்தத் தொகை அத்தோடு முடிந்தது. பிறகு டாலர் எங்கே போனாலும் விற்பனைக் கணக்கைத் தொடக்கூடாது. கணக்குப் பதிவியல் தரநிலை 11 சொல்வதன் சாரம் இதுதான். துணியை விற்ற வேலை அன்றே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நிறுவனத்தின் கையில் இருப்பது துணி அல்ல, ஒரு லட்சம் டாலர் வரவேண்டிய பாக்கி. டாலரின் விலை ஏறி இறங்கும்போது லாபமோ நட்டமோ தருவது அந்தப் பாக்கிதான். அதனால் அது விற்பனையில் சேராமல், அந்நியச் செலாவணி லாபம் அல்லது நட்டம் என்று தனியே நிற்கிறது.

மார்ச் 31 வந்தது. பாக்கி இன்னும் வரவில்லை. அந்த ஒரு லட்சம் டாலரை அன்றைய விலையில் மறுபடி மதிப்பிட வேண்டும்: 84,20,000 ரூபாய். முன்பு எழுதியது 83,00,000. வித்தியாசம் 1,20,000 ரூபாய், இந்த ஆண்டின் செலாவணி லாபம். முதலாளி கேள்வி கேட்டது இந்த வரியைப் பார்த்துத்தான்.

ஜூன் 12 அன்று வங்கியில் டாலர் 83.50 விலையில் ரூபாயாகிறது. மார்ச் 31 முதல் அந்தப் பாக்கி புத்தகத்தில் 84,20,000 ரூபாயாக நிற்கிறது. ஒரு லட்சம் டாலரின் இன்றைய மதிப்பு 83,50,000. ஆக 70,000 ரூபாய் நட்டம், புதிய ஆண்டின் கணக்கில். இரண்டு ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1,20,000 லாபம், 70,000 நட்டம், மிச்சம் 50,000 லாபம். ஜனவரியில் 83, ஜூனில் 83.50, டாலருக்கு ஐம்பது காசு வீதம் ஒரு லட்சம் டாலருக்கு உண்மையில் கிடைத்ததும் அதே 50,000தான். கணக்கு எங்கும் தவறவில்லை. மார்ச் 31 என்ற கோடு அதை இரண்டாக வெட்டியது, அவ்வளவே.

இனி வரி. கணக்குப் புத்தகத்தில் எழுதியதையே வரிச் சட்டமும் ஏற்கிறதா என்பது நெடுநாள் இழுபறியாக இருந்தது. மார்ச் 31 அன்று மறுமதிப்பீட்டில் வரும் நட்டம் வெறும் கற்பனை, பணம் கைமாறும்போதுதான் நட்டம் என்று துறை வாதிட்டது. வுட்வர்ட் கவர்னர் இந்தியா வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வழக்கமாகப் பின்பற்றும் கணக்கு முறைப்படி, வியாபாரக் கணக்கில் எழுதிய நட்டம் அந்த ஆண்டிலேயே கழிக்கத்தக்கது என்றது. நட்டத்தை ஆண்டிறுதியில் கழிக்கலாம் என்றால், லாபத்தை ஆண்டிறுதியில் காட்டத்தானே வேண்டும்? நாணயம் ஒன்றுதான், பக்கம்தான் இரண்டு.

பிறகு வருமானக் கணக்கீட்டுத் தரநிலைகள் வந்தன. அவற்றில் ஆறாவது, செலாவணி மாற்றத்தைப் பற்றியது. இந்தத் தரநிலைகளின் சில பகுதிகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2017இல் செல்லாது என்றது. அடுத்த ஆண்டே 2018 நிதிச் சட்டத்தின் மூலம் 1961 வருமான வரிச் சட்டத்தில் 43ஏஏ என்ற பிரிவு, முன்தேதியிட்டு, 2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து சேர்க்கப்பட்டது. வரவேண்டிய, தரவேண்டிய அந்நிய நாணயப் பாக்கிகளில் தரநிலையின்படி வரும் லாபமும் நட்டமும் அந்தந்த ஆண்டின் வருமானமாகவே கணக்கிடப்படும் என்பது அதன் பொருள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியுள்ளன.

நம் நிறுவனத்துக்கு வந்து கணக்கைப் போடுவோம். பங்குதாரர் நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ்; சேர்த்து 31.2 சதவீதம். முதல் ஆண்டில் 1,20,000 லாபத்துக்கு 37,440 ரூபாய் வரி. அடுத்த ஆண்டில் 70,000 நட்டம் கழிவதால் 21,840 ரூபாய் வரி குறைகிறது. நிகரம் 15,600. 50,000 ரூபாய்க்கு 31.2 சதவீதம் எவ்வளவு என்று பாருங்கள், அதே 15,600தான். வராத காசுக்கு வரி கட்டியதுபோல் தெரிந்தது, உண்மையில் ஓராண்டு முன்கூட்டிக் கட்டியது. மார்ச்சில் டாலர் இறங்கி ஜூனில் ஏறியிருந்தால் இதுவே தலைகீழாகி, வரி ஓராண்டு தள்ளிப்போயிருக்கும். ஆனால் முன்கூட்டிக் கட்டுவதற்கு ரொக்கம் வேண்டும். மார்ச்சில் நிலுவை அதிகமாகவும் டாலர் ஏறுமுகமாகவும் இருந்தால், கடைசித் தவணை முன்வரி கணக்கிடும்போதே இந்த லாபத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தவறு எங்கே நடக்கிறது? பெரும்பாலும் வங்கியின் வரவுச் சீட்டில். நம் உதாரணத்தில், வழியில் ஒரு வெளிநாட்டு வங்கி 40 டாலர் கட்டணம் பிடித்துக்கொண்டது என்று வைப்போம். வந்தது 99,960 டாலர், 83.50 விலையில் 83,46,660 ரூபாய். பாக்கியோ 84,20,000. மீதி 73,340 ரூபாயையும் செலாவணி நட்டம் என்று எழுதி முடித்துவிடுவது அவசரக் கணக்கு. அதில் 40 டாலருக்கு உரிய 3,340 ரூபாய் வங்கிக் கட்டணம். மீதி 70,000தான் செலாவணி நட்டம். வாங்குபவர் தரக்குறைவு என்று சொல்லிக் கழித்துக்கொண்ட தொகையும் இப்படித்தான் செலாவணி நட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். கண்டுபிடிக்கும் வழி எளிது. முதலில் டாலரை டாலரோடு ஒப்பிடுங்கள். பில்லில் எத்தனை டாலர், வங்கியில் எத்தனை டாலர் என்று பார்த்துக் குறைவைத் தனியே எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது மட்டுமே டாலர் விலையின் வேலை.

டேலியில் கணக்கு வைப்பவர்களுக்கு இன்னொரு அடையாளம் திரையிலேயே இருக்கிறது. டாலர் பாக்கிகளை டாலரிலேயே பதிந்து, மார்ச் 31 விலையைக் கொடுத்துவிட்டு பேலன்ஸ் ஷீட்டைத் திறந்தால் `Unadjusted Forex Gain/Loss` என்ற வரி தெரியலாம். தெரிந்தால், மென்பொருள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் யாரும் ஜர்னல் போட்டு அதை லாப நட்டக் கணக்குக்கு மாற்றவில்லை என்று அர்த்தம். அந்த வரியோடு கணக்கை மூடினால் இந்த ஆண்டின் லாபம் தவறாக இருக்கும்.

ஜிஎஸ்டியிலிருந்து இன்னொரு குழப்பம் வரும். சரக்கு ஏற்றுமதியின் மதிப்பை ஜிஎஸ்டி கணக்கில் சுங்கத்துறை அறிவிக்கும் டாலர் விலையில் மாற்ற வேண்டும். ஜிஎஸ்டி விதி 34 அப்படித்தான் சொல்கிறது. அந்த விலை அன்று 82.40 என்றால் ரிட்டர்னில் 82,40,000 ரூபாயும் புத்தகத்தில் 83,00,000 ரூபாயும் இருக்கும். இந்த 60,000 ரூபாய் வித்தியாசம் லாபம் அல்ல, இரண்டு அளவுகோலால் அளந்ததால் வந்த வித்தியாசம். பில் வாரியாக ஒரு ஒப்பீட்டுத் தாள் வைத்திருந்தால் அதிகாரி கேட்கும்போது விடை கையில் இருக்கும். பிற்பாடு வரும் செலாவணி லாபத்துக்குத் தனியே ஜிஎஸ்டி கிடையாது; அது எந்தச் சரக்குக்கும் சேவைக்கும் கிடைத்த விலை அல்ல.

இந்த விதி எல்லா இடத்திலும் பொருந்தாது. வாங்குபவர் முன்பணமாக டாலர் அனுப்பியிருந்தால் மார்ச் 31 அன்று அதை மறுமதிப்பீடு செய்யக்கூடாது. அதைத் துணியாகக் கொடுத்துத்தான் தீர்க்கப்போகிறோம். திருப்பித் தர வேண்டிய டாலராக அது நிற்கவில்லை. அதேபோல ஜெர்மனியிலிருந்து பின்னல் இயந்திரம் கடனுக்கு வாங்கினால், அந்தப் பாக்கியின் வித்தியாசம் புத்தகத்தில் பொதுவாக லாப நட்டக் கணக்குக்குப் போகும். வரிக்கோ 1961 சட்டத்தின் 43ஏ பிரிவு வேறு வழி சொல்கிறது. பணம் கட்டும்போதுதான் வித்தியாசம் கணக்கில் வரும், அதுவும் இயந்திரத்தின் விலையோடு கூடியோ குறைந்தோ தேய்மானம் வழியாகத்தான் வரும். ஆக மார்ச் 31 மறுமதிப்பீட்டை அங்கே வரிக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். பணம் வந்த பிறகே வருமானம் எழுதும் ரொக்க முறையில் கணக்கு வைக்கும் ஒரு தனிநபர் வல்லுநருக்கோ பாக்கியே புத்தகத்தில் இல்லை. அதனால் இந்தச் சிக்கலும் இல்லை.

முதலாளியின் கேள்விக்கு ஆடிட்டர் தரும் பதில் அதனால் இரண்டு வரிதான். "துணியை வித்தது ஜனவரியோட முடிஞ்சுது. அப்புறம் அஞ்சு மாசம் நீங்க டாலரை வச்சிருந்தீங்க, அந்த டாலரை மார்ச்சுல ஒரு தடவை எடை போட்டோம், ஜூன்ல ஒரு தடவை எடை போட்டோம்." அந்த இரண்டு எடையும் சரிதான் என்று பின்னால் காட்ட மூன்று தாள்கள் போதும்: ஷிப்பிங் பில்லோடு கூடிய இன்வாய்ஸ், மார்ச் 31 அன்று எடுத்துக்கொண்ட விலைக்கான சான்று, வந்த டாலரும் விலையும் தனித்தனியே தெரியும் வங்கிச் சீட்டு. மூன்றையும் ஒரே கோப்பில் அடுத்தடுத்துக் கோத்து வையுங்கள்.