வாங்காதவர்களின் கணக்கு

மாதத்துக்கு 120 மாத்திரை, விலை 2,80,428 ரூபாய். முற்றிய கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்குத் தரப்படும் சோராஃபெனிப் மருந்தை, காப்புரிமை வைத்திருந்த பேயர் நிறுவனம் ‘நெக்ஸாவர்’ என்ற பெயரில் இந்தியாவில் இந்த விலைக்கு விற்றுவந்தது. அதே மருந்தை மாதம் 8,880 ரூபாய்க்குத் தர முடியும், உரிமம் கொடுங்கள் என்று ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் விண்ணப்பித்தது. 2012 மார்ச்சில் காப்புரிமைக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்த பி.எச்.குரியன் அந்த உரிமத்தை வழங்கினார். இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் அது. விற்பனையில் 6 சதவீதத்தை நாட்கோ பேயருக்குத் தர வேண்டும் என்பது நிபந்தனை. பேயர் மேல்முறையீடு செய்தது. சென்னையிலிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2013 மார்ச்சில் உரிமத்தை உறுதிசெய்து, பேயருக்கான பங்கை மட்டும் 7 சதவீதமாக உயர்த்தியது.

இந்தச் செய்தியைப் படிக்கிற எவருக்கும் முதலில் கண்ணில் படுவது இரண்டு விலைகளுக்கும் இடையிலான பள்ளம்தான். குரியனின் உத்தரவில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: மருந்து தேவைப்பட்ட நோயாளிகளில் 2 சதவீதத்தைச் சற்றே தாண்டிய அளவினருக்குத்தான் பேயரின் மருந்து போய்ச் சேர்ந்திருந்தது.

முழு விலை கொடுத்து வாங்கியவர் கூடுதலாகக் கொடுத்த பணம் அவர் பையிலிருந்து நிறுவனத்தின் பைக்குப் போனது. அது நியாயமா என்று சண்டை போடலாம்; ஆனால் அந்தப் பணம் எங்கோ இருக்கிறது. மாதம் 50,000 ரூபாய் வரை புரட்டக்கூடிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மருந்தைச் செய்து கொடுக்க 8,880 ரூபாய் போதும். அந்த விற்பனை நடந்திருந்தால் 41,120 ரூபாய் மதிப்புள்ள பலன் உருவாகியிருக்கும். நடக்கவில்லை. குடும்பத்துக்கும் கிடைக்கவில்லை, நிறுவனத்துக்கும் கிடைக்கவில்லை. முற்றுரிமையால் இப்படி எவர் பைக்கும் போகாமல் அழிந்துபோகும் பலனைத்தான் பொருளியலார் ‘டெட்வெயிட் லாஸ்’ என்கிறார்கள். இந்த இழப்பை ஒரு படம் போட்டு ரூபாயில் அளக்க முடியும்.

ஒரு தாளில் படுக்கைக் கோடும் செங்குத்துக் கோடும் போடுங்கள். படுக்கைக் கோட்டில் எத்தனை பொட்டலம் விற்கிறது என்பது, செங்குத்துக் கோட்டில் விலை. கணக்கு எளிதாக இருக்க ஒரு கற்பனை மருந்தை எடுத்துக்கொள்வோம். விலை 1,000 ரூபாய் என்றால் ஒருவரும் வாங்க மாட்டார். அதிலிருந்து 10 ரூபாய் இறங்கும்போதெல்லாம் ஒருவர் கூடுதலாக வருவார். இதை வரைந்தால் இடமிருந்து வலமாகச் சரியும் நேர்கோடு கிடைக்கும். அது தேவைக் கோடு. ஒவ்வொரு ஆளும் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதை, பெரிய தொகையிலிருந்து சிறிய தொகைக்கு வரிசையாக நிற்க வைத்துக் காட்டுகிறது அந்தக் கோடு. இன்னொரு பொட்டலம் செய்ய ஆகும் செலவு எப்போதும் 200 ரூபாய் என்று வைத்தால், 200-இல் ஒரு படுக்கைக் கோடு. இது இறுதிநிலைச் செலவுக் கோடு.

பல நிறுவனங்கள் போட்டி போட்டால் விலை 200-க்கு இறங்கும். அங்கே தேவைக் கோடும் செலவுக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் 80 பொட்டலம் விற்கும். ஒரே நிறுவனம் மட்டும் இருந்தால் அது அவ்வளவு தூரம் போகாது. 600 ரூபாய் விலையில் 40 விற்றால் கைக்கு வருவது 24,000. 41-ஆவது ஆளையும் பிடிக்க வேண்டுமென்றால் எல்லோருக்கும் விலையை 590 ஆக்க வேண்டும்; வரவு 24,190. கூடுதலாக வந்தது 190, செலவோ 200. ஆகவே அது 40-இலேயே நின்றுவிடும். புத்தகங்களில் தேவைக் கோட்டுக்குக் கீழே, அதைவிடச் செங்குத்தாகச் சரிந்து இறங்கும் இறுதிநிலை வருவாய்க் கோடு என்று ஒன்றைப் போடுவது இந்தக் கணக்கைக் காட்டத்தான். அது செலவுக் கோட்டை வெட்டும் இடத்துக்கு மேலே நேராக ஏறித் தேவைக் கோட்டைத் தொட்டால் 600 என்ற விலை கிடைக்கும்.

மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இது. வருவாய்க் கோடு செலவுக் கோட்டை வெட்டும் புள்ளியையே போட்டி நிலை என்று எடுத்துக்கொண்டுவிடுவார்கள். அது முற்றுரிமையாளர் எங்கே நிறுத்துகிறார் என்பதை மட்டுமே சொல்கிறது. ஒப்பிட வேண்டிய போட்டிப் புள்ளி வலப்பக்கம் தள்ளி, தேவைக் கோடு செலவுக் கோட்டில் வந்து இடிக்கும் இடத்தில் இருக்கிறது.

இப்போது 40-க்கும் 80-க்கும் நடுவே, தேவைக் கோட்டுக்குக் கீழே, செலவுக் கோட்டுக்கு மேலே உள்ள முக்கோணத்தைப் பென்சிலால் தீட்டுங்கள். அடி 40, உயரம் 400, பாதியாக்கினால் 8,000 ரூபாய். அதுதான் இழப்பு. அதற்கு இடப்பக்கம் உள்ள செவ்வகம், பொட்டலத்துக்கு 400 ரூபாய் வீதம் 40 பொட்டலம், ஆக 16,000 ரூபாய். அது நிறுவனத்தின் லாபம். இழப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தேவைக் கோடு நேராகவும் செலவுக் கோடு படுக்கையாகவும் இருக்கும்வரை, எண்களை எப்படி மாற்றினாலும் இரண்டு விஷயங்கள் மாறாது: முற்றுரிமையாளர் போட்டி அளவில் சரிபாதியை விற்பார், இழப்பு அவர் லாபத்தில் சரிபாதியாக இருக்கும்.

சோராஃபெனிப்புக்கு இதே அளவுகோலை வைத்தால் உடனே இடிக்கிறது. பாதி நோயாளிகளுக்கு மருந்து கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது ஏறத்தாழ 2 சதவீதத்தினருக்கு. அப்படியென்றால் தேவைக் கோடு நேர்கோடாக இருந்திருக்க முடியாது. ஏன் என்று யோசிக்க அதிக நேரம் ஆகாது. மாதம் இரண்டே முக்கால் லட்சம் கொடுக்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே கோடு மலைச்சரிவுபோல இறங்கி, சில பத்தாயிரங்களுக்கு வந்தபின் வலப்பக்கமாக நெடுந்தூரம் நீளும். பெருங்கூட்டம் நிற்பது அந்த நீட்சியில்தான்.

அந்த வளைவை அளக்க ஒரு வழி உண்டு. தனக்கு அதிகபட்ச லாபம் தரும் விலையை முற்றுரிமையாளர் வைக்கிறார் என்றால், விலையில் செலவு போக மிஞ்சும் பங்கைப் பார்த்தே, வாங்குவோர் விலைக்கு எவ்வளவு அசைகிறார்கள் என்று ஊகிக்கலாம். 8,880-ஐச் செலவாக எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது விலையில் சுமார் 96.8 சதவீதம். ஒன்றை அதால் வகுத்தால் 1.03. அதாவது விலை 1 சதவீதம் ஏறினால் விற்பனை 1.03 சதவீதம் குறையும். கோடு நெடுகிலும் இதே விகிதம் நீடிக்கிறது என்று கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8,880 ரூபாயில் 100 பேர் வாங்குவார்கள் என்றால், 2,80,428 ரூபாயில் வாங்குவோர் 2.8 பேர். உத்தரவு சொன்ன அளவுக்கு மிக அருகில் வருகிறது. இதை நிரூபணம் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து தேவைப்பட்டவர் எல்லோரும் 8,880 ரூபாய்க்கு வாங்கிவிடக்கூடியவர்கள் அல்லர். ஆனாலும் நேர்கோட்டைவிட இந்த வளைகோடு உண்மைக்கு எவ்வளவோ பக்கத்தில் இருக்கிறது.

அந்த 100 பேருக்கான ஒரு மாதக் கணக்கைத் தொடர்வோம். இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்து முக்கோணமாக அளந்தால் இழப்பு 1 கோடியே 32 லட்சம் ரூபாய் என்று வரும். வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பை முறையாகக் கூட்டினால் வருவது சுமார் 21 லட்சம். உள்வாங்கி வளையும் கோட்டின்மேல் அளவுகோலை வைத்து இழுத்தால் இழப்பு ஆறு மடங்குக்கு மேல் ஊதிவிடுகிறது. விலைப் பள்ளம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது ‘பாதி அடி பெருக்கல் உயரம்’ என்ற சூத்திரத்தை நம்பக் கூடாது. பள்ளம் சிறியதாக இருந்தால், எந்த வளைவும் குறுகிய தூரத்துக்கு நேர்கோடு போலத்தான் தெரியும் என்பதால், அது சரியாகவே வேலை செய்யும்.

இழப்பு 21 லட்சமாகச் சுருங்கிவிட்டதே என்று நிம்மதிப்படவும் முடியாது. அதே கணக்கில் நிறுவனத்தின் லாபம் சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்தான். நேர்கோட்டுப் படத்தில் லாபத்தில் பாதியாக இருந்த இழப்பு, இங்கே லாபத்தைப் போல இரண்டே முக்கால் மடங்கு. நிறுவனம் ஒரு ரூபாய் சம்பாதிப்பதற்காகச் சமூகத்தில் இரண்டே முக்கால் ரூபாய் மதிப்பு அழிகிறது. வருமான வேற்றுமை பெரிதாக உள்ள ஒரு நாட்டில், எல்லோருக்கும் ஒரே விலை வைத்து, அந்த விலையை மேல்தட்டுக்கு ஏற்ப முடிவுசெய்தால் நேர்வது இதுதான்.

இந்தக் கணக்கில் ஓட்டைகளும் உண்டு. நாட்கோவின் 8,880 ரூபாயில் அதன் லாபமும் பேயருக்கான பங்கும் அடக்கம்; உண்மையான இறுதிநிலைச் செலவு அதற்கும் கீழே இருந்திருக்க வேண்டும். அதே காலத்தில் சிப்லா நிறுவனமும் பேயரோடு வழக்காடிக்கொண்டே இந்த மருந்தைக் குறைந்த விலைக்கு விற்றுவந்தது. எனவே சந்தை முழுக்க ஒருவர் கையில் இருந்தது என்றும் சொல்ல முடியாது. பேயர் இந்தியாவை மட்டும் மனத்தில் வைத்து விலை வைத்தது என்பதும் என் ஊகம்தான். உலகம் முழுக்க விற்கும் ஒரு நிறுவனம், இங்கே விலையைக் குறைத்தால் வேறு நாட்டு அரசுகளும் குறைக்கச் சொல்லுமே என்று அஞ்சக்கூடும்.

மருந்தைக் கண்டுபிடிக்க ஆன செலவு இந்தப் படத்தில் எங்குமே இல்லை. இன்னொரு பொட்டலம் செய்ய எவ்வளவு ஆகும் என்பதை மட்டுமே செலவுக் கோடு காட்டுகிறது; ஆராய்ச்சிச் செலவோ முதல் பொட்டலத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. காப்புரிமை கொடுப்பதே அந்தச் செலவை மீட்கட்டும் என்றுதான். ஆகவே படத்தில் தீட்டிய பரப்பு, காப்புரிமையை ஒழிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதே ஆராய்ச்சிப் பணத்தை இதைவிடக் குறைந்த இழப்பில் திரட்ட வழி இருக்கிறதா என்று கேட்கிறது. குரியனின் உத்தரவு ஒரு வழியைக் காட்டியது: விற்பவரைக் கூட்டி, விலையை இறக்கி, கண்டுபிடித்தவருக்கு ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு. அந்தப் பங்கு 6 சதவீதமா, 7 சதவீதமா, இன்னும் அதிகமா என்பது பேரம் பேச வேண்டிய விஷயம்.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. தேவைக் கோடு ஒருவரின் தேவையை அவர் கையில் உள்ள பணத்தால் அளக்கிறது. மாதம் 5,000 ரூபாய்கூடப் புரட்ட முடியாத நோயாளி, செலவுக் கோட்டுக்குக் கீழே நிற்கிறார். அவருக்கு மருந்து கிடைக்காதது போட்டிச் சந்தையிலும் இழப்பாகப் பதிவாகாது. தீட்டிய பரப்புக்குள் அவர் வருவதே இல்லை. முற்றுரிமையை உடைத்தால் மீட்கக்கூடியது அந்தப் பரப்பில் உள்ளவர்களை மட்டும்தான். அதற்கும் வலப்பக்கம் நிற்பவர்களுக்கு அரசு மருத்துவமனையோ காப்பீட்டுத் திட்டமோ பணம் கட்டினால்தான் மருந்து போய்ச் சேரும். 2,80,428 ரூபாயில் ஒருவருக்குக் கட்டும் தொகையில் 8,880 ரூபாயில் 31 பேருக்குக் கட்டலாம்.