ராஜினாமாவுக்கு முன் லீவைக் கணக்குப் பாருங்கள்

முதுகுத் தண்டுவட வலியால் இனி நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வேலை ஆணையில் 60 நாள் நோட்டீஸ் என்று இருக்கிறது. தனியார் நிறுவன ஊழியர் ஒருவருக்கு இந்த நிலைமை என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பில் 24 நாள் ஈட்டிய விடுப்பு, அதாவது ஈ.எல். இருக்கிறது.

முதலில் சான்றிதழ். "மூன்று வாரம் ஓய்வு தேவை" என்று மட்டும் இருந்தால், "லீவு எடுத்துக்கொள்ளுங்கள், ராஜினாமா எதற்கு?" என்று ஹெச்.ஆர். கேட்பார், அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. தற்போதைய வேலையைத் தொடர உடல்நிலை இடம் தராது என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும். அவருடைய பதிவு எண், கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டை எல்லாம் இணைக்கத் தேவையில்லை.

கடிதத்தில் "சொந்தக் காரணம்" என்று பூசி மெழுகாதீர்கள். ஐந்து ஆண்டு சர்வீஸ் முடியும் முன் பி.எஃப். பணத்தை எடுத்தால் வருமான வரி உண்டு. உடல்நலக் குறைவால் வேலை போனவர்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது. அதைக் கேட்கும்போது இந்தக் கடிதமும் சான்றிதழும்தான் கைகொடுக்கும்.

இனி லீவு. நோட்டீஸ் ஜூன் 1-ல் தொடங்கினால் ஜூலை 30-ல் முடியும். 24 நாள் ஈ.எல்.லைக் கழித்தால் 36 நாள்தான் மிச்சம். ஜூலை 6 கடைசி நாள். இப்படிக் கழிப்பது பெரும்பாலும் நிறுவனத்தின் விதியையும் சம்மதத்தையும் பொறுத்தது. சி.எல்., மருத்துவ விடுப்பு இரண்டையும் பல இடங்களில் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் மிச்சமுள்ள மருத்துவ விடுப்பை ராஜினாமாவுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. நோட்டீஸ் காலத்தில் லீவு எடுத்தால் அத்தனை நாள் நோட்டீஸை நீட்டும் நிறுவனங்களும் உண்டு. எனவே கடிதத்தில் "லீவு தாருங்கள்" என்று கேட்காமல், "என் கணக்கிலுள்ள 24 நாள் ஈட்டிய விடுப்பை நோட்டீஸ் காலத்தில் சரிக்கட்டி, ஜூலை 6-ல் விடுவிக்க வேண்டுகிறேன்" என்று எண்ணிக்கையும் தேதியும் போட்டு எழுதுங்கள்.

லீவைக் காசாக்கினால் என்ன என்று தோன்றலாம். மொத்தச் சம்பளம் 36,000, அடிப்படைச் சம்பளம் 18,000 என்றால், பல நிறுவனங்கள் லீவுக்கு அடிப்படைச் சம்பளத்தில்தான் காசு தரும். 24 நாளுக்கு 14,400 ரூபாய். நோட்டீஸில் குறையும் நாட்களுக்கு மொத்தச் சம்பளத்தில் பிடித்தால் அதே 24 நாளுக்கு 28,800 போய்விடும். சரிக்கட்டுவதே லாபம்.

சம்மதம் மின்னஞ்சலில் வரும்வரை அலுவலகம் போவதை நிறுத்தாதீர்கள். உடம்பு முடியாவிட்டால் சான்றிதழைக் காட்டி மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாக "சரி, போங்க" என்றதை நம்பி நின்றுவிட்டால், "சொல்லாமல் நின்றவர்" என்று பதிவாகி ரிலீவிங் லெட்டர் கிடைக்காமல் போகலாம்.