'ஐ.டி விற்பனைக்கு!': கேம் அக்கவுன்ட்டை வாங்கினாலும் சிக்கல், விற்றாலும் சிக்கல்... ஏன்?

"அக்கா, ஒரு ஹெல்ப் பண்றியா? அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

சித்தி மகன் போன் செய்து இப்படி ஆரம்பித்தால், ஏதோ பணம் போயிருக்கிறது என்று அர்த்தம். போயிருந்தது. 6,500 ரூபாய். கல்லூரி முதலாம் ஆண்டு படிக்கும் அவன், டெலிகிராம் குரூப் ஒன்றில் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து 'க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸ்' அக்கவுன்ட் ஒன்றை வாங்கியிருக்கிறான். ஐந்தே நாள்கள்தான் விளையாடினான். ஆறாவது நாள் காலையில் கேமைத் திறந்தால், 'லாக் இன் செய்யவும்' என்று வந்து நின்றது. விற்றவரின் டெலிகிராம் ஐ.டி-யும் காணாமல் போயிருந்தது.

"பாஸ்வேர்டை நான்தான் மாத்தினேனே, அப்புறம் எப்படிக்கா?" என்பதுதான் அவனுடைய கேள்வி. பதில் தேடிப் போனபோது, இந்த வியாபாரமே எப்படி நடக்கிறது என்பது புரிந்தது.

முதலில், இதை ஏன் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? அந்த கேமில் நமக்கென்று ஒரு கிராமம் இருக்கும். அதன் நடுவில் 'டவுன் ஹால்'. முதல் நிலையில் தொடங்கி, காசு செலவழிக்காமல் 15-வது நிலைக்குப் போக வேண்டுமென்றால் வருடக்கணக்கில் ஆகும். உயர்ந்த நிலைகளில் ஒரே ஒரு கட்டடத்தை மேம்படுத்தவே பல நாள்கள் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத்தான் 6,500 ரூபாய் கொடுத்துத் தாண்டிவிடலாம் என்று என் தம்பி நினைத்தான். பி.ஜி.எம்.ஐ-யிலும் ஃப்ரீ ஃபயரிலும் இதே கதைதான். அங்கே அரிய உடைகள், துப்பாக்கி ஸ்கின்கள் இருக்கும் அக்கவுன்ட்டுக்கு விலை அதிகம்.

சாவி யார் கையில்?

க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸை நடத்துவது பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம். அக்கவுன்ட்டுக்குள் நுழைய 'சூப்பர்செல் ஐ.டி' வேண்டும். அதில் பாஸ்வேர்டு கிடையாது. நம் இ-மெயில் முகவரியைக் கொடுத்தால், அந்த மெயிலுக்கு 6 இலக்க எண் ஒன்று வரும். அதை டைப் செய்தால் கிராமம் திறக்கும். அதாவது, மெயில் பெட்டி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் கிராமத்துக்குச் சொந்தக்காரர்.

அதனால்தான் விற்பவர்கள், 'ஒரிஜினல் மெயிலோடு தருகிறோம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். என் தம்பிக்கும் ஜிமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் வந்தன. அவன் ஒன்றும் விவரமில்லாதவன் இல்லை. உடனே பாஸ்வேர்டை மாற்றினான், மற்ற போன்களிலிருந்து அந்த மெயிலை வெளியேற்றினான், விற்றவரின் மீட்பு எண்ணை நீக்கிவிட்டுத் தன் எண்ணைப் போட்டான். இவ்வளவும் செய்த பிறகு யாருக்கும் நிம்மதியாகத்தான் இருக்கும்.

அவனுக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். ஜிமெயிலில் மீட்பு எண்ணை மாற்றினால், பழைய எண் உடனடியாகச் செல்லாக்காசு ஆகிவிடாது. மாற்றிய பிறகும் 7 நாள்கள் வரை, பழைய எண்ணுக்கே சரிபார்ப்புக் குறியீட்டை அனுப்பும் வாய்ப்பை கூகுள் வைத்திருக்கிறது. இது நல்ல நோக்கத்துக்காக வைக்கப்பட்ட வசதி. உங்கள் மெயிலை ஒரு திருடன் பிடித்து, உங்கள் எண்ணை நீக்கிவிட்டாலும், நீங்கள் திரும்பப் பெற ஒரு வழி இருக்க வேண்டும் அல்லவா? அதே வழியில்தான் விற்றவரும் திரும்பி வந்தார். கூகுளின் பார்வையில் அவர்தான் பறிகொடுத்தவர், என் தம்பிதான் திருடன்!

"அப்போ ஏழு நாள் தாண்டிட்டா சேஃப்பா?" என்று கேட்டான். அதுவும் இல்லை. இன்னொரு கதவும் இருக்கிறது. அது கேம் நிறுவனத்தின் உதவிப் பிரிவு.

மெயிலைத் தொலைத்துவிட்ட ஒருவர் உதவி கேட்டால், 'இந்த அக்கவுன்ட் உங்களுடையதுதான் என்று நிரூபியுங்கள்' என்பார்கள். எந்த ஆண்டு தொடங்கினீர்கள், எந்த நாட்டில், எந்த போன் மாடலில் விளையாடினீர்கள், கேமுக்குள் காசு கொடுத்து எதையாவது வாங்கினீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். கூகுள் ப்ளேயில் வாங்கியிருந்தால், GPA. என்று தொடங்கும் ஆர்டர் எண்ணோடு ரசீது இருக்கும். அந்த ரசீதின் நகலை விற்றவர் எடுத்து வைத்திருந்தால் போதும், அக்கவுன்ட்டின் கடந்த காலம் முழுக்க அவரிடம்தான் இருக்கிறது. காசு கொடுத்தவருக்குக் கிடைப்பது நிகழ்காலம் மட்டும்தான்.

கணினி கேம்களுக்கான ஸ்டீம் தளத்திலும் இப்படித்தான். பழைய கட்டண விவரங்களைக் காட்டுபவர்தான் உரிமையாளர். வருடங்கள் கழித்தும் இதைச் செய்யலாம். ஆக, 'ரீகவர் ஆகாது, லைஃப்டைம் கேரன்ட்டி' என்று யாராவது சொன்னால், அது அவரால் கொடுக்கவே முடியாத வாக்குறுதி. நேர்மையான விற்பனையாளராக இருந்தாலும்கூட!

கம்பெனிக்கு என்ன பிரச்னை?

'என் உழைப்பு, என் அக்கவுன்ட், நான் விற்கிறேன். அவர்களுக்கு என்ன?' இது நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால், நாம் படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று தட்டிவிடும் அந்த நீளமான விதிமுறைகளில் பதில் இருக்கிறது. அக்கவுன்ட் நமக்குச் சொந்தமில்லை. அதைப் பயன்படுத்த நமக்கு மட்டும் கொடுக்கப்பட்ட அனுமதி அது. பஸ் பாஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கியதுதான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்க முடியாது. சூப்பர்செல், ஸ்டீம் இரண்டின் விதிகளும் விற்பனையைத் தடை செய்கின்றன. கைமாறியது தெரிந்தால் நிரந்தரமாக முடக்கும் உரிமையையும் நிறுவனங்கள் தங்களிடமே வைத்திருக்கின்றன.

விதி இருக்கட்டும், காரணம் என்ன? ஒன்று, மேலே பார்த்த அதே குழப்பம். ஒரே அக்கவுன்ட்டுக்கு இரண்டு பேர் 'என்னுடையது' என்று வந்து நின்றால், விற்றவர் யார், ஏமாந்தவர் யார், ஹேக் செய்தவர் யார் என்று உதவிப் பிரிவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? விற்பனையை அனுமதித்தால், ஒவ்வொரு புகாரும் பஞ்சாயத்தாகிவிடும்.

இன்னொரு காரணம்தான் பெரியது. விற்பனைக்கு வரும் அக்கவுன்ட் எல்லாம் ஆசை ஆசையாக விளையாடி வளர்த்தது அல்ல. சில, யாரோ ஒரு பள்ளி மாணவனிடமிருந்து ஃபிஷிங் லிங்க் மூலம் திருடியவை. சில, திருட்டு கிரெடிட் கார்டில் கேம் காசு வாங்கிக் குவித்தவை. கார்டின் உண்மையான சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்பப் பெற்றதும், அந்த ரத்து கேம் அக்கவுன்ட்டில் வந்து விழும். க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸில் இப்படி நடந்தால், 'ஜெம்' இருப்பு மைனஸில் போய்விடும். அப்போது அந்த அக்கவுன்ட்டை வைத்திருப்பவர், காசு கொடுத்து வாங்கிய அப்பாவியாக இருக்கலாம். சந்தை விலையைவிடப் பாதிக்கு ஒரு அக்கவுன்ட் கிடைத்தால், அதன் பின்னால் இந்தக் கதைதான் இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

விற்பவர் மட்டும் தப்பித்தாரா?

இதுவரை வாங்குபவர் பாவம். இப்போது விற்பவர் பக்கம் வருவோம். சொல்லப்போனால், எனக்கு அதிகம் பயம் தந்தது இந்தப் பக்கம்தான்.

கோவையைச் சேர்ந்த ஒரு இளைஞர், பெயர் வேண்டாம் என்று சொல்லிப் பேசினார். வேலைக்குப் போன பிறகு விளையாட நேரமில்லாமல், தன் பி.ஜி.எம்.ஐ அக்கவுன்ட்டை 18,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். ஸ்கிரீன்ஷாட்டை நம்பவில்லை. பணம் தன் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் விவரங்களைக் கொடுத்தார். எல்லாம் சரியாகத்தான் செய்தார்.

மூன்று வாரம் கழித்து, மளிகைக் கடையில் யு.பி.ஐ வேலை செய்யவில்லை. வங்கியில் விசாரித்தால், வேறு மாநிலத்து சைபர் க்ரைம் புகார் ஒன்றின் பேரில் கணக்கில் தொகை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். அக்கவுன்ட்டை வாங்கியவர் தன் பணத்தை அனுப்பவில்லை. எங்கோ ஒருவரை ஏமாற்றி, அவரையே நேராக இவர் கணக்குக்கு அனுப்ப வைத்திருக்கிறார். ஏமாந்தவர் 1930-க்குப் புகார் செய்ததும், பணம் போன பாதையில் முதல் பெயராக இவர் பெயர் வந்துவிட்டது.

"நான் திருடலைன்னு நிரூபிக்கணும். என்கிட்ட இருக்குற ஆதாரம், கேம் ஐ.டி வித்த சாட் மட்டும்தான். பில் கிடையாது, வாங்குனவன் பேரே தெரியாது" என்றார். அந்த சாட்டை அவர் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போனது. விசாரணை அதிகாரிக்கு அதை அனுப்பி, நடந்ததை எழுதிக் கொடுத்திருக்கிறார். 18,000 ரூபாய் இன்னும் நிறுத்தி வைப்பில்தான் இருக்கிறது.

பணத்தைவிட இன்னொரு விஷயம் இருக்கிறது. அக்கவுன்ட்டோடு நீங்கள் கொடுப்பது எதை? ஃப்ரீ ஃபயரில் பலரும் ஃபேஸ்புக் மூலம் லாக் இன் செய்கிறார்கள். அதை விற்றால், உங்கள் புகைப்படத்தோடு, உங்கள் நண்பர்கள் பட்டியலோடு ஒரு ஃபேஸ்புக் கணக்கையே அந்நியர் கையில் கொடுக்கிறீர்கள். 'அவசரமா 5,000 அனுப்பு' என்று உங்கள் மாமாவுக்கு மெசேஜ் போக ஒரு நிமிடம் போதும். ஜிமெயில் என்றால் இன்னும் மோசம். கூகுள் போட்டோஸில் குடும்பப் படங்கள், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், போன் பேக்கப், தொடர்புகள் எல்லாம் அதே சாவியில்தான் இருக்கின்றன.

'நடுவில் ஒரு மிடில்மேன் வைத்துக்கொள்வோம்' என்பது இந்த குரூப்களில் சொல்லப்படும் தீர்வு. இரு தரப்புக்கும் பொதுவான ஓர் அட்மின் பணத்தையும் விவரங்களையும் வாங்கி மாற்றிக் கொடுப்பாராம். ஆனால், டெலிகிராமில் பெயரையும் படத்தையும் யார் வேண்டுமானாலும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். @ குறியோடு வரும் யூசர்நேம் மட்டும்தான் ஒருவருக்கு ஒன்று. அதிலும் ஓர் எழுத்தை மாற்றினால் கண்ணுக்குத் தெரியாது. உண்மையான அட்மினாகவே இருந்தாலும், ஏழு நாள் கழித்து அக்கவுன்ட் திரும்பப் போனால் அவர் என்ன செய்வார்?

என் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். பணம் போனது தெரிந்த அன்றே 1930-க்கு போன் செய்ய வைத்தேன். யு.பி.ஐ பரிவர்த்தனை எண், விற்றவரின் யு.பி.ஐ ஐ.டி, சாட் ஸ்கிரீன்ஷாட்கள் ஆகியவற்றை cybercrime.gov.in தளத்தில் பதிவேற்றினோம். கேம் அக்கவுன்ட் வாங்கியதை மறைக்க வேண்டாம், நடந்ததை நடந்தபடியே எழுது என்றேன். பணம் கொடுத்து ஆறு நாள் ஆகிவிட்டிருந்தது. இந்த மாதிரிப் புகார்களில் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். அதற்குள் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. எங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டிருந்தது.

வாங்கிய ஜிமெயிலில் தன் மொபைல் எண்ணைப் போட்டிருந்தானே, அது இப்போது விற்றவரிடம் இருக்கிறது. அதனால், ஓ.டி.பி கேட்டு யார் அழைத்தாலும் சொல்லாதே என்று இரண்டு முறை சொல்லிவைத்தேன். சித்திக்கு விஷயம் இன்னும் தெரியாது. இந்தக் கட்டுரையை அவர் போனில் படித்தால் தெரிந்துவிடும்.