யாழ்தேவியை நகர்த்திய மோட்டார் வெறுமையாகச் சுழன்றால் ஏன் சிதறும்?

1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய காலத்தில், வடக்கு ரயில் பாதைக்குப் பழக்கமாகிய எஞ்சின்களில் ஒன்று எம்2. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய டீசல் எஞ்சின் அது. இன்னும் பலர் அதை 'கனடா எஞ்சின்' என்றே சொல்கிறார்கள். அதைப் பற்றிப் பேசும்போது பலருக்கும் ஒரு விடயம் தெரிவதில்லை: அதிலுள்ள டீசல் எஞ்சின் சக்கரங்களை நேரடியாகச் சுற்றுவதில்லை. டீசல் எஞ்சின் ஒரு மின்பிறப்பாக்கியைச் சுற்றுகிறது. அந்த மின்சாரம் அடியிலுள்ள நான்கு மோட்டார்களுக்குப் போகிறது. அவைதான் வண்டியை இழுக்கின்றன.

அந்த நான்கும் நேரோட்டத் தொடர் மோட்டார்கள். நின்ற இடத்திலிருந்து பெரும் பாரத்தை இழுக்க மிகவும் உகந்த மோட்டார் அது. பாரம் இல்லாமல் ஓடினால் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும் மோட்டாரும் அதுதான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஊடகக் கற்கை படித்த எனக்கு இதை விளங்கிக்கொள்ள நாளெடுத்தது. புகையிரதத் திணைக்களத்தில் மின்பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு ஐயாவிடம் பலமுறை கேட்டு, கணக்கையும் போட்டுப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

ஒரே ஓட்டம், இரண்டு வேலை

மோட்டாருக்குள் இரண்டு சுருள்கள் உள்ளன. நிலையாக இருக்கும் புலச்சுருள் காந்தத்தை உண்டாக்குகிறது. சுழலும் ஆமேச்சர் அந்தக் காந்தத்துக்குள் நின்று தள்ளப்படுகிறது. தொடர் மோட்டாரில் இவ்விரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருப்பதால், ஆமேச்சரில் ஓடும் அதே மின்னோட்டம்தான் புலச்சுருளிலும் ஓடுகிறது.

சுழற்றும் விசையான முறுக்கம், காந்தத்தின் வலுவையும் ஆமேச்சரின் ஓட்டத்தையும் பெருக்கினால் வருவது. இங்கே ஓட்டம் இரண்டு மடங்கானால் காந்தமும் இரண்டு மடங்காகும். எனவே முறுக்கம் நான்கு மடங்கு. இரும்பு காந்தத்தால் நிரம்பிவிட்டால் இந்தக் கணக்குக் கொஞ்சம் குறையும். ஆனாலும் பெரிய வேறுபாடு தெரியும்.

மோட்டார் சுழலும்போது அதுவே ஒரு மின்பிறப்பாக்கிபோல், வருகிற மின்சாரத்துக்கு எதிராக ஒரு அழுத்தத்தையும் உண்டாக்குகிறது. இதைப் பின் மின்னியக்க விசை என்போம். வேகம் கூடக்கூட இது கூடி ஓட்டத்தைக் குறைக்கும். நின்றிருக்கும்போது இது பூச்சியம். அதனால் குறைந்த வோல்ற்றளவே பெரிய ஓட்டத்தைத் தரும்.

ஓர் எடுத்துக்காட்டு மோட்டாரை எடுப்போம். 220 வோல்ற், உள்தடை அரை ஓம். வழக்கமான பாரத்தில் 40 அம்பியர் எடுத்து நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது. தடையில் 20 வோல்ற் இழக்கப்படுகிறது. மிகுதி 200 வோல்ற் பின் மின்னியக்க விசை. நின்ற நிலையில் இதற்கு 40 வோல்ற் கொடுத்தாலே 80 அம்பியர் ஓடும். முறுக்கம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். முழு 220 வோல்ற்றையும் கொடுத்தால் 440 அம்பியர் பாய்ந்து மோட்டார் கருகும். ஆகவே எஞ்சின் சாரதி கைபிடியை முதற் படிகளில் வைக்கும்போது மின்பிறப்பாக்கி குறைந்த வோல்ற்றையே கொடுக்கிறது. வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்க வோல்ற்றளவு கூட்டப்படுகிறது.

இந்த இழுவைக்கு ஒரு விலையும் உண்டு. 80 அம்பியரில் மோட்டாருக்குள் எழும் வெப்பமும் 40 அம்பியரில் எழுவதைப்போல் நான்கு மடங்கு. ஏற்றத்தில் ஊர்ந்துகொண்டே நெடுநேரம் இழுத்தால் காவலிடும் பூச்சு எரியும். சாரதியின் முன்னாலுள்ள அம்பியர்மானியில் குறிக்கப்பட்ட எல்லைக்கு மேல் குறுகிய நேரமே நிற்கலாம் என்பது இதற்காகவே.

பாரத்தை எடுத்துவிட்டால்

இப்போது அதே மோட்டாரில் 220 வோல்ற் இருக்கும்போதே பாரம் கழன்றுவிட்டதாக வைப்போம். மோட்டாருக்கு வேலை இல்லை. ஓட்டம் குறைகிறது. ஓட்டம் குறைந்தால் காந்தமும் தளர்கிறது. ஆனால் வருகிற 220 வோல்ற்றைச் சமன்செய்ய அதே அளவு பின் மின்னியக்க விசை வேண்டும். தளர்ந்த காந்தத்தில் அதை உண்டாக்க ஒரே வழி, இன்னும் வேகமாகச் சுழல்வது.

ஓட்டம் 10 அம்பியருக்கு இறங்கினால் காந்தம் காற்பங்கு. வேகம் நிமிடத்துக்கு 3,440 சுற்று. 4 அம்பியருக்கு இறங்கினால் காந்தம் பத்தில் ஒன்று. வேகம் 8,720 சுற்று. வழக்கமான வேகத்தைப்போல் பதினொரு மடங்கு. வெளிநோக்கி இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், அது ஏறக்குறைய 120 மடங்காகிவிடும். ஆமேச்சரின் செப்புக் கம்பிகளைக் குழிகளுக்குள் பிடித்திருக்கும் ஆப்புகளும் கட்டுப்பட்டைகளும் அவ்வளவையும் தாங்கா. கம்பிகள் வெளியே பிதுங்கிச் சட்டத்தில் உரசும். கொமியூற்றேற்றர் துண்டுகள் மேலெழும், தூரிகைகளில் நெருப்பு வளையம் ஓடும். சத்தம் உறுமலிலிருந்து கூச்சலாக உயர்ந்துகொண்டே போவதுதான் முதல் அறிகுறி. அது ஓரிடத்தில் நிலைக்காமல் ஏறினால் உடனே மின்சாரத்தை வெட்ட வேண்டும்.

“பிள்ளை, அதைப் பட்டியில ஓட விடக்கூடாது. பட்டி அறுந்தா மோட்டார் முடிஞ்சுது” என்றார் அந்த ஐயா. தொடர் மோட்டாரைப் பற்சில்லு வழியாகவோ நேரடி அச்சுவழியாகவோ பாரத்துடன் இணைக்க வேண்டும் என்பதன் பொருள் இதுதான்.

ரயிலில் பாரம் எப்படிக் கழலும்?

ரயில் மோட்டார் பற்சில்லால் அச்சோடு பூட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் மழையிலோ எண்ணெய் படிந்த தண்டவாளத்திலோ சக்கரம் வழுக்கினால், மோட்டாருக்கு அது பாரம் கழன்றதுபோல்தான். இரண்டு மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தால், வழுக்கும் மோட்டாரின் பின் மின்னியக்க விசை ஏறி, இருவருக்கும் உரிய வோல்ற்றளவில் பெரும்பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். இந்தச் சமனின்மையை ஒரு ரிலே கண்டுபிடிக்கிறது. சாரதிக்கு எச்சரிக்கை விளக்கு எரியும், மின்பிறப்பாக்கியின் வலு தானாகக் குறைக்கப்படும். சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவப்படும். மணலைத் தூவிக்கொண்டே வலுவைக் கூட்டக் கூடாது. முதலில் வலுவைக் குறைத்து, சக்கரம் பிடித்த பின்னரே கூட்ட வேண்டும். வழுக்கிச் சுழலும் சக்கரம் சட்டென்று பிடித்தால் பற்சில்லு உடையலாம். பல் உடைந்த மோட்டாருக்கோ பாரமே இல்லை.

வீட்டிலும் கறாஜிலும்

“மிக்சியும் இதே வகைதானே, வெறுமையாக ஓடினால் ஏன் உடையவில்லை?” என்று கேட்கலாம். சிறிய மோட்டாரில் தூரிகையின் உராய்வும் விசிறி தள்ளும் காற்றும் அதன் வலுவில் பெரும்பங்கு. அவையே பாரமாகி வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. பெரிய மோட்டாரில் இந்த உராய்வு அதன் வலுவோடு ஒப்பிட மிகச் சிறியது. அதை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

எரிபொருள் தட்டுப்பாட்டுக்குப் பின், பழைய ஃபோர்க்லிஃப்ற் மோட்டார் வாங்கி முச்சக்கரவண்டியில் பூட்ட நினைப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. அவற்றில் பல தொடர் மோட்டார்கள். வாங்கும் இடத்தில் ஓடிக் காட்டச் சொன்னால், 48 அல்லது 72 வோல்ற் மோட்டாருக்கு 12 வோல்ற் பற்றரி ஒன்று போதும். அதை நிலத்தில் வைக்காமல் இறுகக் கட்டி, சில விநாடிகளில் நிறுத்த வேண்டும். பூட்டிய பின்னரும் நியூற்றலில் வைத்து முழு மின்சாரம் கொடுக்கக் கூடாது. சங்கிலி அறுந்தாலோ கிளச்சை அழுத்தினாலோ அதே கணக்குத்தான். வேகம் எல்லை மீறினால் தானே மின்சாரத்தை வெட்டும் கருவி இல்லாமல் அந்த வண்டியைத் தெருவில் இறக்குவது ஆபத்து.