திரும்பத் திரும்ப வரும் வெள்ளைப்படுதல்: கணவருக்கும் மருந்து தேவையா?

மாத்திரை சாப்பிட்ட மூன்றாம் நாளே வாடை போய்விடும். ஒரு மாதம் நிம்மதி. அடுத்த மாதவிடாய் முடிந்ததும், அல்லது கணவரோடு சேர்ந்த மறுநாளே, அதே மீன் வாடையும் சாம்பல் கலந்த நீர்த்த வெள்ளையும் திரும்பிவிடும். பல பெண்கள் இதைத் தங்கள் சுத்தக்குறைவு என்று எண்ணி வெட்கப்பட்டு, சோப்புப் போட்டு உள்ளேயும் கழுவுகிறார்கள். குறை அவர்களுடைய சுத்தத்தில் இல்லை. உள்ளே கழுவக் கழுவ நிலைமை மோசமாவதுதான் நடக்கிறது.

இதற்கு பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக பி.வி. என்பார்கள். யோனிக்குள் இயல்பாகவே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை சுரக்கும் லாக்டிக் அமிலம் அந்த இடத்தைப் புளிப்பாக வைத்திருப்பதால் மற்ற கிருமிகள் பெருக முடிவதில்லை. ஏதோ ஒரு காரணத்தால் அவை குறைந்தால், கார்ட்னரெல்லா முதலான, ஆக்சிஜன் அதிகம் தேவைப்படாத கிருமிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வாடை அவற்றிலிருந்துதான் வருகிறது.

மெட்ரோநிடசோல் மாத்திரை இந்தக் கிருமிகளை நன்றாகவே கொல்லும். ஆனாலும் சிகிச்சை எடுத்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஓராண்டுக்குள் பி.வி. திரும்பிவிடுகிறது. காரணம் ஒன்றல்ல. கார்ட்னரெல்லா யோனிச் சுவரில், குளத்துப் படியில் பாசி படிவதுபோல் ஒரு வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்கிறது. மேலே உள்ளவை மருந்தில் செத்தாலும், படலத்தின் அடியில் கொஞ்சம் தப்பிப் பிழைக்கின்றன. கெட்ட கிருமி ஒழிந்த இடத்தில் நல்ல பாக்டீரியா தானாகத் திரும்பிவிடும் என்ற உறுதியும் இல்லை. மூன்றாவது காரணத்தைத்தான் மருத்துவ உலகம் நெடுங்காலம் தள்ளிவைத்திருந்தது: இதே கிருமிகள் கணவரின் ஆணுறுப்புத் தோலிலும், குறிப்பாக முன்தோலுக்கு அடியிலும், சிறுநீர்க்குழாயிலும் இருக்கின்றன. அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது.

கணவருக்கும் மருந்து கொடுத்துப் பார்க்கும் முயற்சி 1980களிலேயே தொடங்கியது. பலன் கிடைக்கவில்லை. எனவே ‘ஆணுக்குச் சிகிச்சை வேண்டாம்’ என்பதே வழிகாட்டு நூல்களின் நிலைப்பாடாக இருந்தது. அந்த ஆய்வுகள் ஆண்களுக்கு மாத்திரையை மட்டுமே கொடுத்தன. தோலின் மேல் இருந்த கிருமியை யாரும் குறிவைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ஆய்வாளர்கள் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே துணையோடு வாழும் 164 தம்பதியரை எடுத்து, எல்லாப் பெண்களுக்கும் வழக்கமான சிகிச்சை கொடுத்தார்கள். பாதித் தம்பதியரில் ஆண்களுக்கும் ஏழு நாள் மருந்து: மெட்ரோநிடசோல் 400 மில்லிகிராம் மாத்திரை காலையும் இரவும், கூடவே 2 சதவீத கிளிண்டமைசின் கிரீம் இரண்டு வேளை ஆணுறுப்பின் தோலில். பன்னிரண்டு வாரத்தில், கணவருக்கு மருந்து கொடுக்காத பெண்களில் 63 சதவீதம் பேருக்குத் திரும்பியது. கொடுத்தவர்களில் 35 சதவீதம் பேருக்கு மட்டுமே. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2025 மார்ச்சில் முடிவு வெளியானது.

இது நம் ஊர் மருத்துவமனையில் எப்படி நடக்கலாம் என்று பார்ப்போம். முப்பத்து நான்கு வயது, இரண்டு குழந்தைகள், இரண்டாவது பிரசவத்துக்குப் பின் காப்பர்-டி போட்டுக்கொண்ட ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் மூன்றாவது முறையாக வருகிறார். முன்பு இரண்டு தடவையும் யாரும் பரிசோதிக்காமல் மருந்து எழுதிவிட்டார்கள். அதில் பூஞ்சைக்கான மாத்திரையும் இருந்தது. பூஞ்சைத் தொற்று என்றால் கடும் அரிப்பும் தயிர்த்திரள் போன்ற வெள்ளையும் இருக்கும், வாடை இருக்காது. அந்த மாத்திரை பி.வி.க்கு எதுவும் செய்யாது. ஆகவே முதல் வேலை, இது பி.வி.தானா என்று உறுதி செய்வது. யோனிச் சுவரில் பிஎச் தாளை ஒற்றினால் அளவு 4.5-க்கு மேல் இருக்கும். வெள்ளையை ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், விளிம்பே தெரியாதபடி கிருமி அப்பிய செல்கள் தென்படும். மாதவிடாய் நாளிலோ, உறவு கொண்ட மறுநாளோ பிஎச் பார்த்தால் ரத்தமும் விந்துவும் அளவை உயர்த்திக் காட்டிவிடும். அதைத் தவிர்த்துப் போவது நல்லது.

உறுதியானதும் அவருக்கு ஏழு நாள் மாத்திரை. வாடை நின்றுவிட்டது என்று மூன்றாம் நாள் நிறுத்தக்கூடாது. கணவருக்கும் அதே வாரத்தில்தான் மருந்து தொடங்க வேண்டும். சிக்கல் இங்கேதான் வரும். “எனக்கு ஒண்ணும் இல்லையே, நான் எதுக்கு மாத்திரை சாப்பிடணும்?” என்பார் அவர். பெண்ணிடம் சொல்லி அனுப்பாமல் மருத்துவரே இருவரையும் உட்காரவைத்துப் பேசுவது எவ்வளவோ மேல். “உங்க மேலயும் தப்பில்லை, அவங்க மேலயும் தப்பில்லைங்க. யாரும் தப்பான வழியில போனதால வந்ததுன்னு அர்த்தமே இல்ல. தோல்ல தங்குற கிருமி, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல அழிக்கணும்” என்று சொன்னால் பெரும்பாலான கணவர்களுக்குப் புரியும். கிரீமை முன்தோலைப் பின்னுக்கு இழுத்து, மொட்டிலும் அதன் அடிப் பள்ளத்திலும் தண்டின் மேலும் தடவ வேண்டும். அந்த வாரம் உறவு வேண்டாம். கிளிண்டமைசின் கிரீமில் உள்ள எண்ணெய் ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வாயில் உலோகச் சுவை, குமட்டல், தலைவலி வரலாம்; மருந்து முடிந்ததும் போய்விடும்.

காப்பர்-டியையும் பேச வேண்டும். அது போட்டிருக்கும் பெண்களுக்கு பி.வி. வரும் வாய்ப்பு கூடுதல். மாதவிடாய் அதிகமாவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அதற்காக உடனே எடுக்க வேண்டும் என்பதில்லை. கணவருக்கும் சிகிச்சை கொடுத்த பிறகும் தொடர்ந்தால், வேறு கருத்தடை முறை பற்றி யோசிக்கலாம். தொடர்ந்து ஆணுறை பயன்படுத்துவதும் உதவும். உள்ளே கழுவுவதை, மணமூட்டிய கழுவு திரவங்கள் உட்பட, முற்றிலும் விட்டுவிட வேண்டும். வெளியே வெறும் தண்ணீர் போதும்.

மெல்போர்ன் ஆய்விலும் மருந்து எடுத்த தம்பதியரில் மூவரில் ஒருவருக்கு மேல் திரும்பியதை மறக்கக்கூடாது. அவர்களுக்கு அடுத்த படி ஒன்று உண்டு. மீண்டும் ஒருமுறை முழுச் சிகிச்சை எடுத்த பின், 0.75 சதவீத மெட்ரோநிடசோல் ஜெல்லை வாரம் இருமுறை, நான்கு முதல் ஆறு மாதம் வரை யோனிக்குள் வைப்பது. வைக்கும்வரை பெரும்பாலானவர்களுக்கு வாடை வராமல் இருக்கும். சிலருக்கு இடையில் பூஞ்சை வரும். அதற்குத் தனி மருந்து தர வேண்டும். ஜெல்லை நிறுத்திய பின் சிலருக்குத் திரும்பவும் செய்கிறது. படலத்தைக் கரைக்க 600 மில்லிகிராம் போரிக் அமிலக் காப்ஸ்யூலை மூன்று வாரம் யோனிக்குள் வைக்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. வாயில் போட்டால் அது நஞ்சு. கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது. மருத்துவர் எழுதித் தராமல் வாங்கவும் கூடாது.

தயிர் சாப்பிட்டால் போதுமா என்று கேட்பவர்கள் நிறைய. யோனியைக் காப்பதில் முன்னிற்கும் பாக்டீரியா லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ். தயிரில் இருப்பது வேறு இனம். மெட்ரோநிடசோலுக்குப் பின் கிரிஸ்பேட்டஸைப் பொடியாக நேரே யோனிக்குள் வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. பன்னிரண்டு வாரத்தில், வெற்றுப் பொடி வைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்கும், உண்மையான பொடி வைத்தவர்களில் 30 சதவீதம் பேருக்கும் பி.வி. திரும்பியது. நம் மருந்துக் கடைகளில் விற்கும் பொதுவான புரோபயாட்டிக் காப்ஸ்யூல்கள் அந்தப் பொடி அல்ல. அவற்றுக்குப் பணம் செலவழிப்பதைவிட, அந்தப் பணத்தில் கணவருக்கான மாத்திரையும் கிரீமும் வாங்கலாம்.